சூதாட்டத்தில் விட்ட காசை மீட்டுத் தருவதாக அழைப்பு வந்ததா? முன்பணம் கட்டும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

"அண்ணே, நீங்க கேம்ல விட்ட காசு முழுசா திரும்ப வந்துடும். எங்க வக்கீல் டீம் பார்த்துக்குவாங்க. ஃபைல் திறக்க மட்டும் 280 ரிங்கிட் கட்டணும்."

கைப்பேசியில் இப்படி ஒரு குரல், அதுவும் நல்ல தமிழில், மரியாதையாகப் பேசினால் யாருக்கும் மனம் ஒரு நிமிடம் தடுமாறும். இணையச் சூதாட்டத்தில் பல ஆயிரங்களை இழந்து, வீட்டில் சொல்லவும் முடியாமல் தவிப்பவருக்குச் சொல்லவே வேண்டாம். 280 ரிங்கிட் போனால் போகட்டும், 6,000 திரும்பினால் போதும் என்றுதான் கணக்குப் போடத் தோன்றும்.

அந்தக் கணக்கை நம்பித்தான் இந்த மோசடி நடக்கிறது. ஆங்கிலத்தில் இதை 'ரெக்கவரி ஸ்கேம்' என்கிறார்கள். தமிழில் 'மீட்பு மோசடி' எனலாம். ஏற்கெனவே பணத்தை இழந்தவரையே தேடிப் பிடித்து, அந்த இழப்பையே தூண்டிலாக்கி, மிச்சம் இருப்பதையும் பிடுங்குவதுதான் இதன் வேலை.

இது எப்படி நடக்கிறது, விட்ட காசு ஏன் இவர்களால் திரும்பி வராது, ஏற்கெனவே முன்பணம் கட்டிவிட்டால் என்ன செய்வது என்பதை இங்கே பார்ப்போம்.

கெடாவில் இதை ஏன் பேச வேண்டும்?

பாடாங் செராய், பீடோங், கோலா கெட்டில், பாலிங் போன்ற வட்டாரங்களில் தோட்டங்களிலும், தோட்டத்தை விட்டு வந்து சுங்கை பட்டாணி, கூலிம் அடுக்குமாடிகளில் குடியேறி தொழிற்சாலைக்குப் போகும் குடும்பங்களிலும், சூதாட்டம் இப்போது கைக்குள்ளேயே வந்துவிட்டது. முன்பு நம்பர் எழுத கடைக்குப் போக வேண்டும். இன்று ஒரு செயலியைப் பதிவிறக்கி, தெரிந்த ஏஜெண்டு ஒருவருக்கு 30 அல்லது 50 ரிங்கிட் அனுப்பினால் 'கிரெடிட்' ஏறிவிடும். செயலியும் அதிகாரபூர்வ செயலிக் கடைகளில் கிடைப்பதல்ல. புலனத்தில் வரும் இணைப்பைத் தட்டி இறக்குவது.

கெடாவில் உரிமம் பெற்ற நம்பர் கடைகளின் நிலையும் கவனிக்கத்தக்கது. அவற்றின் உரிமத்தைப் புதுப்பிக்கப் போவதில்லை என்று மாநில அரசு 2021 நவம்பரில் அறிவித்தது. 2023 தொடக்கத்திலிருந்து கடைகள் மூடப்பட்டன. அந்த முடிவு செல்லாது என 2024 ஜூலையில் அலோர் ஸ்டார் உயர் நீதிமன்றம் தீர்ப்பளிக்க, மாநில அரசு மேல்முறையீட்டுக்குச் சென்றது.

கடை மூடியதால்தான் மக்கள் கைப்பேசிக்குப் போனார்கள் என்று சொல்லிவிட முடியாது. இணையச் சூதாட்டம் அதற்கு முன்பே இருந்தது. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. உரிமம் பெற்ற கடைக்கு ஒரு முகவரி இருந்தது, கையில் ஒரு சீட்டு இருந்தது. கைப்பேசி விளையாட்டில் இரண்டும் இல்லை. யாரிடம் போய்க் கேட்பது என்றே தெரியாத அந்த இடத்தில்தான், "நாங்க கேட்டுத் தர்றோம்" என்று மீட்புக்காரர் வந்து நிற்கிறார்.

280 ரிங்கிட் 3,124 ரிங்கிட் ஆவது எப்படி?

கீழே வருவது ஒரு தனி மனிதரின் கதை அல்ல. இத்தகைய மோசடிகள் வழக்கமாக நகரும் வரிசையைக் காட்டுவதற்காக அமைத்த எடுத்துக்காட்டு.

சுங்கை பட்டாணிக்கு அருகே செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் ஒருவர், நான்கு மாதங்களில் ஸ்லாட் விளையாட்டில் 6,200 ரிங்கிட்டை விட்டுவிட்டார். முகநூலில் ஒரு விளம்பரம் கண்ணில் படுகிறது. 'இணைய விளையாட்டில் ஏமாந்தீர்களா? 14 நாட்களில் பணம் திரும்பும்' என்கிறது அது. பக்கத்தில் நீதிமன்றத் தராசுப் படம். கீழே "எனக்குக் கிடைத்தது, நன்றி சார்" என்று வரிசையாகப் பின்னூட்டங்கள்.

அவர் செய்தி அனுப்புகிறார். பதில் உடனே வருகிறது. பெயர், அடையாள அட்டைப் படம், விளையாட்டுக் கணக்கு எண், பணம் அனுப்பிய ரசீதுகள் எல்லாம் கேட்கிறார்கள். கேள்விகள் அவ்வளவு ஒழுங்காக இருப்பதால் 'இது நிஜ ஆபீஸ்' என்ற நம்பிக்கை பிறக்கிறது.

முதல் கட்டணம், ஃபைல் திறக்க 280 ரிங்கிட். கட்டிய மறுநாள் ஓர் இணைப்பு வருகிறது. அதைத் திறந்தால் அவர் பெயரில் ஒரு கணக்குப் பக்கம். 'மீட்கப்பட்ட தொகை 7,440 ரிங்கிட்' என்று பச்சை எழுத்தில் காட்டுகிறது. விட்ட 6,200-உடன் 20 விழுக்காடு இழப்பீடும் சேர்ந்திருக்கிறதாம்.

மனிதர் இங்கேதான் விழுகிறார். இதுவரை அவர் கேட்டது ஒரு வாக்குறுதியை. இப்போது தன் பணத்தையே கண்ணால் பார்க்கிறார். உண்மையில் அது யாரோ தட்டச்சு செய்த ஓர் எண். அதற்குப் பின்னால் ஒரு காசும் இல்லை.

அடுத்து, பணத்தை வெளியே எடுக்க 'வங்கி அனுமதிக் கட்டணம்' 10 விழுக்காடு, அதாவது 744 ரிங்கிட். அதைக் கட்டியதும், "அண்ணே, நீங்க குடுத்த அக்கவுண்ட் நம்பர்ல ஒரு எண் தப்பு. பேங்க் காசை முடக்கிடுச்சு. 1,500 டெபாசிட் போட்டா முடக்கம் எடுத்துருவாங்க. அந்த 1,500-உம் உங்களுக்கே திரும்ப வந்துடும்" என்கிறார்கள். அவர் எண்ணைச் சரியாகத்தான் கொடுத்திருந்தார். ஆனால் பழி தன்மீது விழுந்ததும் மனிதர் பதறிப் போகிறார். கையில் இல்லாததால் ஆலோங்கிடம் 1,500 வாங்கிக் கட்டுகிறார். கடைசியாக 'வழக்கறிஞர் முத்திரைக் கட்டணம்' 600 ரிங்கிட். அதற்குப் பிறகு புலனத்தில் ஒற்றை டிக் மட்டும்தான் விழுகிறது. எண் தடை செய்யப்பட்டுவிட்டது.

கூட்டிப் பாருங்கள். 280, 744, 1,500, 600. மொத்தம் 3,124 ரிங்கிட். சூதாட்டத்தில் விட்டதில் பாதிக்கும் மேல். மாதம் 1,700 ரிங்கிட் குறைந்தபட்ச ஊதியம் வாங்குபவருக்குக் கிட்டத்தட்ட இரண்டு மாதச் சம்பளம். ஆலோங் வட்டி இதில் சேரவில்லை.

ஒவ்வொரு கட்டணமும் முந்தைய கட்டணத்தைக் காப்பாற்றுவதற்காகவே கேட்கப்படுகிறது என்பதைக் கவனியுங்கள். "இவ்வளவு கட்டிட்டோம், இப்போ விட்டா கட்டினதும் போயிடுமே" என்ற எண்ணம்தான் அடுத்த தொகையைக் கட்ட வைக்கிறது. சூதாட்டத்தில் விட்டதைப் பிடிக்க மேலும் பந்தயம் கட்டும் அதே மனநிலை இது. அதனால்தான் சூதாட்டத்தில் தோற்றவர்கள் இவர்களுக்கு மிகப் பொருத்தமான ஆட்கள்.

உங்கள் எண் அவர்களுக்கு எப்படிக் கிடைத்தது?

சிலர் விளம்பரத்தைப் பார்த்துத் தாமே தொடர்பு கொள்கிறார்கள். சிலருக்கு நேரடியாக அழைப்பே வருகிறது. "நீங்க இந்த கேம்ல இவ்வளவு விட்டிருக்கீங்க, சரிதானே?" என்று தொகையையே சொல்வார்கள். அதைக் கேட்டதும் 'இவர்களுக்குத் தெரிகிறதே, அதிகாரிகளாகத்தான் இருக்க வேண்டும்' என்று நினைத்துவிடக்கூடாது.

உங்கள் பெயர், கைப்பேசி எண், வங்கிக் கணக்கு எண், எவ்வளவு போட்டீர்கள் என்பதெல்லாம் விளையாட்டுத் தளத்திடமும் ஏஜெண்டிடமும் ஏற்கெனவே இருக்கிறது. ஒருமுறை ஏமாந்தவர்களின் பட்டியலை மோசடிக்காரர்கள் தங்களுக்குள் விற்று வாங்குவது பல நாடுகளில் அறியப்பட்ட வழக்கம். அமெரிக்காவின் கூட்டரசு வர்த்தக ஆணையம் இதைப் பல ஆண்டுகளாக எச்சரித்து வருகிறது. சில சமயம் முதலில் பணத்தைச் சுருட்டிய கும்பலே வேறு பெயரில் மீட்பு வேலைக்கு வரும். ஆக, உங்கள் இழப்பைப் பற்றி ஒருவருக்குத் துல்லியமாகத் தெரிந்திருப்பது நம்பிக்கைக்கு அல்ல, சந்தேகத்துக்கே காரணம்.

"ஹேக் பண்ணுவோம், பேங்க்ல பேசுவோம், கேஸ் போடுவோம்": மூன்றும் ஏன் நடக்காது?

மீட்புக்காரர்கள் பொதுவாக இந்த மூன்றில் ஒன்றைத்தான் சொல்வார்கள். ஒவ்வொன்றையும் பார்ப்போம்.

முதலாவது, விளையாட்டின் கணினிக்குள் புகுந்து பணத்தை எடுப்பது. நீங்கள் 50 ரிங்கிட் அனுப்பும்போது அது டூயிட்நவ் வழியாக யாரோ ஒருவர் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்குப் போகிறது. பெரும்பாலும் அது மலாயில் 'கெல்டாய்' கணக்கு என்று சொல்லப்படும் கணக்காக இருக்கும். அதாவது, கூலிக்காகத் தன் கணக்கையும் அட்டையையும் வேறொருவர் கையில் கொடுத்தவரின் கணக்கு. அங்கிருந்து பணம் சில நிமிடங்களிலேயே வேறு கணக்குக்கோ, ரொக்கமாகவோ, மின்னிலக்க நாணயமாகவோ மாறிப் போய்விடலாம்.

செயலியில் நீங்கள் பார்க்கும் 'கிரெடிட்' பணமல்ல, வெறும் எண். நீங்கள் தோற்கும்போது குறைவது அந்த எண்தான். பணம் நீங்கள் அனுப்பிய அன்றே போய்விட்டது. எனவே யாராவது அந்தக் கணினிக்குள் நிஜமாகவே புகுந்தாலும் அங்கே எடுப்பதற்குப் பணம் இருக்காது, எண்கள்தான் இருக்கும். போதாக்குறைக்கு, அனுமதியில்லாமல் கணினிக்குள் நுழைவது 1997-ஆம் ஆண்டு கணினிக் குற்றச் சட்டத்தின்படி குற்றம்.

இரண்டாவது, வங்கியிடம் பேசிப் பணத்தைத் திருப்புவது. கடன் அட்டை, டெபிட் அட்டை வழியே செலுத்திய பணத்தில் தகராறு இருந்தால் வங்கியிடம் முறையிடும் வழி உண்டு. அதை உங்கள் வங்கியிடம் நீங்களே கேட்கலாம், இடைத்தரகர் தேவையில்லை. ஆனால் நீங்களே கடவுச்சொல் போட்டு, நீங்களே உறுதிசெய்து டூயிட்நவ் வழி அனுப்பிய பணத்தை, விளையாடித் தோற்றேன் என்பதற்காக வங்கி திருப்பித் தராது. வங்கியைப் பொறுத்தவரை அது வாடிக்கையாளர் தெரிந்தே செய்த பரிமாற்றம்.

மூன்றாவது, வழக்குப் போடுவது. 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 31-ஆவது பிரிவு, பந்தய ஒப்பந்தங்கள் செல்லாது என்கிறது. பந்தயத்தில் வென்றதாகச் சொல்லும் தொகையைக் கேட்டு வழக்குப் போடவும் அது இடம் தரவில்லை. இதைத் தவிர, யார்மீது வழக்குப் போடுவது என்ற கேள்வியும் இருக்கிறது. தளத்தை நடத்துபவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்பதே தெரியாது. "14 நாளில் கேஸ் முடியும்" என்பவரிடம், எந்த நீதிமன்றம், எதிர்மனுதாரர் யார், வழக்கு எண் என்ன என்று கேட்டுப் பாருங்கள். பதில் வராது, கோபம்தான் வரும்.

"கிடைக்கிற காசுலயே கழிச்சுக்குங்க"

மீட்புக்காரரிடம் கேட்க வேண்டிய மிக எளிய கேள்வி இதுதான். "7,440 உங்க கையில வந்துடுச்சுன்னா, உங்க கட்டணத்தை அதுலயே கழிச்சுக்கிட்டு மீதியை அனுப்புங்க."

இதற்கு அவர்களிடம் தயாராக ஒரு பதில் இருக்கும். "சட்டம் அனுமதிக்காது", "பணம் நீதிமன்றக் கணக்குல இருக்கு", "சிஸ்டம் அப்படித்தான்". எது சொன்னாலும் பொருள் ஒன்றுதான். கழிப்பதற்கு அங்கே பணம் இல்லை.

அமெரிக்காவில் இதற்கென்றே ஒரு விதி இருக்கிறது. தொலைபேசி வழியே மீட்புச் சேவை விற்பவர்கள், பணம் வாடிக்கையாளர் கைக்கு வந்து 7 வேலை நாட்கள் ஆன பிறகே கட்டணம் கேட்கலாம் அல்லது வாங்கலாம். முன்பணம் வாங்குவதே இந்த மோசடியின் மையம் என்பதால்தான் விதி அங்கே குறி வைக்கிறது.

ஆனால் ஒரு நுணுக்கம். மலேசியாவில் உண்மையான வழக்கறிஞரும் முன்கூட்டியே கட்டணம் கேட்கலாம். சொல்லப்போனால், 'ஜெயித்தால் மட்டும் பணம் கொடுங்கள்' என்று ஒப்பந்தம் போட நம் நாட்டு வழக்கறிஞருக்கு 1976-ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டம் அனுமதி தருவதில்லை. எனவே 'முன்பணம் கேட்கவில்லை, ஜெயித்தால்தான் ஃபீஸ்' என்று விளம்பரம் செய்யும் 'வக்கீல் டீம்'மையும் நம்பக்கூடாது.

அப்படியென்றால் நிஜ வழக்கறிஞரை எப்படி அறிவது? மலேசிய வழக்கறிஞர் மன்றத்தின் இணையத்தளத்தில் உரிமம் பெற்ற வழக்கறிஞர்களின் பட்டியல் இருக்கிறது. அதில் பெயரையும் நிறுவனத்தையும் தேடுங்கள். பெயர் இருந்தால் மட்டும் போதாது. உண்மையான நிறுவனத்தின் பெயரைத் திருடிப் போலிப் பக்கம் திறப்பதும் நடக்கிறது. எனவே விளம்பரத்தில் இருக்கும் எண்ணை விட்டுவிட்டு, பட்டியலில் இருக்கும் எண்ணுக்கு அழைத்து, "இந்தப் பக்கம் உங்களுடையதா?" என்று கேளுங்கள். சுங்கை பட்டாணியிலோ அலோர் ஸ்டாரிலோ அலுவலகம் இருப்பதாகச் சொன்னால் ஒருமுறை நேரில் போய்விடுங்கள். பணம் கட்டச் சொல்லும் கணக்கு நிறுவனத்தின் பெயரில் இல்லாமல் தனிநபர் பெயரில் இருந்தால், அங்கேயே நிறுத்திவிடலாம்.

அரசாங்க முத்திரை போட்ட கடிதத்தையும் இதே போல்தான் பார்க்க வேண்டும். காவல்துறையோ, பேங்க் நெகாராவோ, மோசடிப் பணத்தை மீட்பதற்கு மக்களிடம் கட்டணம் வாங்குவதில்லை. அதிகாரிகளின் பெயரையே திருடுவது நம் நாட்டுக்கு மட்டும் உரிய வழக்கமும் அல்ல. தனது இணையக் குற்றப் புகார் மையத்தின் ஊழியர்கள் போல் நடித்து, இழந்த பணத்தை மீட்டுத் தருவதாகச் சிலர் ஏமாற்றுவதாக அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. 2025 ஏப்ரலில் எச்சரித்தது. 2023 டிசம்பர் முதல் 2025 பிப்ரவரி வரை இதுபற்றி 100-க்கும் மேற்பட்ட புகார்கள் வந்ததாகவும் அது கூறியது.

எல்லா இழப்பும் ஒன்றல்ல

இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவாகப் புரிந்துகொள்வது நல்லது. 'கேம்ல காசு போச்சு' என்று நாம் பொதுவாகச் சொல்வதில் மூன்று வகை இருக்கிறது.

ஒன்று, விளையாடித் தோற்றது. இது போனது போனதுதான். இதை மீட்டுத் தருவதாக யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

இரண்டாவது, தளமே போலி. வென்றதாகக் காட்டிவிட்டு, பணத்தை எடுக்கப் போனால் "இன்னும் 500 டெபாசிட் போடுங்க" என்று இழுத்தடிப்பது. இது ஏமாற்று வேலை. புகார் செய்யலாம்.

மூன்றாவது, விளையாட்டுச் செயலி என்று நினைத்து இறக்கியது உங்கள் கைப்பேசியையே கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்டு, நீங்கள் அறியாமல் வங்கிக் கணக்கிலிருந்து பணம் போவது. இது நேரடித் திருட்டு. ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

மீட்புக்காரருக்குக் கட்டிய 3,124 ரிங்கிட் இந்தப் பட்டியலில் எங்கே வருகிறது? அது சூதாட்ட இழப்பே அல்ல. பொய் சொல்லிப் பணம் பறித்தது. தண்டனைச் சட்டத்தின் 420-ஆவது பிரிவு இத்தகைய ஏமாற்றைக் குற்றம் என்கிறது. நிரூபணமானால் ஓர் ஆண்டு முதல் 10 ஆண்டு வரை சிறை, பிரம்படி, அபராதமும் உண்டு. இதில் நீங்கள் பாதிக்கப்பட்டவர்.

பலர் இந்த இடத்தில்தான் தவறு செய்கிறார்கள். மீட்கவே முடியாத முதல் இழப்பின் பின்னால் மாதக்கணக்கில் அலைகிறார்கள். கொஞ்சமாவது நிறுத்த வாய்ப்புள்ள இரண்டாவது இழப்பை வெளியே சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

ஏற்கெனவே கட்டிவிட்டேன், இப்போது என்ன செய்வது?

இதில் நேரம்தான் எல்லாம். நீங்கள் அனுப்பிய பணம் முதல் கணக்கை விட்டுப் போவதற்குள் அல்லது அடுத்த கணக்கில் இருக்கும்போதே அதை நிறுத்த வேண்டும். எனவே முதல் அழைப்பு 997. இது தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் எண். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட இந்த மையத்தில் காவல்துறை, பேங்க் நெகாரா, தொடர்பு, பல்லூடக ஆணையம், வங்கிகள் எல்லாம் இணைந்து வேலை செய்கின்றன. அல்லது உங்கள் வங்கியின் மோசடிப் புகார் எண்ணுக்கு நேராக அழைக்கலாம். அந்த எண்ணை வங்கி அட்டையின் பின்புறத்திலோ வங்கியின் அதிகாரபூர்வத் தளத்திலோ பாருங்கள். கூகளில் தேடி முதலில் வரும் எண்ணுக்கு அழைக்காதீர்கள். அங்கேயும் போலிகள் இருக்கலாம்.

அழைக்கும்போது கையில் மூன்று விவரம் இருந்தால் போதும். பணம் அனுப்பிய நேரம், தொகை, எந்தக் கணக்கு எண்ணுக்கு அனுப்பினீர்கள் என்பது. இவை உங்கள் வங்கிச் செயலியின் ரசீதிலேயே இருக்கும். பிறகு அருகிலுள்ள காவல் நிலையத்தில் புகார் செய்யுங்கள். புலன உரையாடலை அழிக்காதீர்கள். வெட்கப்பட்டு அழித்துவிட்டால் ஆதாரமும் அதோடு போய்விடும்.

997-க்கு அழைத்தால் பணம் நிச்சயம் திரும்பும் என்று அர்த்தமில்லை. பணம் ஏற்கெனவே வெளியேறிவிட்டால் முடக்குவதற்கு ஒன்றும் இருக்காது. மூன்று வாரத்துக்கு முன் கட்டிய 280-ஐ விட, இன்று மதியம் கட்டிய 1,500-ஐ நிறுத்தும் வாய்ப்பு அதிகம். ஆகவே எல்லாத் தொகையையும் சொல்லுங்கள். ஆனால் கடைசியாக அனுப்பியதை முதலில் சொல்லுங்கள்.

அவர்கள் சொல்லி ஏதாவது செயலியை இறக்கியிருந்தால், கைப்பேசியின் இணையத்தை முதலில் துண்டியுங்கள். வேறொரு கைப்பேசியிலிருந்து வங்கிக்கு அழைத்து உங்கள் இணைய வங்கிக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள். பிறகுதான் மற்ற வேலைகள்.

"பணம் திரும்பி வர உங்க ஏடிஎம் கார்டும் பின் நம்பரும் வேணும்" என்று கேட்டிருந்தால் அது இன்னும் ஆபத்து. உங்கள் கணக்கே அடுத்தவரை ஏமாற்றும் 'கெல்டாய்' கணக்காகிவிடும். தன் கணக்கின் கட்டுப்பாட்டைப் பிறரிடம் கொடுப்பதைக் குற்றமாக்கும் புதிய பிரிவுகள் 2024-இல் தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டுள்ளன. கொடுத்துவிட்டிருந்தால் உடனே வங்கியில் சொல்லி அட்டையை ரத்து செய்யுங்கள், காவல் நிலையத்திலும் பதிவு செய்யுங்கள்.

"போலீஸுக்குப் போனா, விளையாடினதுக்கு என்னையே பிடிச்சுட்டா?"

இந்தப் பயம்தான் மோசடிக்காரரின் பெரிய பலம். மிரட்டவும் அதையே பயன்படுத்துவார்கள். "புகார் குடுத்தா நீங்க சட்டவிரோத கேம் விளையாடினது வெளிய வந்துடும்" என்பார்கள்.

சட்டவிரோதச் சூதாட்டம் நம் நாட்டில் குற்றம் என்பது உண்மைதான். அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. ஆனால் நீங்கள் செய்யப்போகும் புகார், சூதாட்டத்தில் தோற்ற பணத்தைப் பற்றியது அல்ல. மீட்டுத் தருவதாகச் சொல்லி ஒருவர் உங்களிடம் வாங்கிய கட்டணத்தைப் பற்றியது. யார் பேசினார், என்ன வாக்குறுதி தந்தார், எந்தத் தேதியில் எந்தக் கணக்குக்கு எவ்வளவு கட்டினீர்கள் என்பதுதான் அதன் சாரம். கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள், பொய் சொல்லிச் சிக்கலை வளர்க்க வேண்டாம். மனம் ஒப்பவில்லை என்றால், புகாருக்கு முன் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்திலோ அரசாங்கத்தின் சட்ட உதவித் துறையிலோ ஆலோசனை கேட்கலாம். ஆனால் 997 அழைப்பை அதற்காகத் தள்ளிப் போடாதீர்கள்.

வீட்டில் சொல்வதும் இதே போலத்தான். மனைவிக்கோ அம்மாவுக்கோ தெரியக்கூடாது என்பதற்காகவே பலர் ஆலோங்கிடம் போய் அடுத்த கட்டணத்தைக் கட்டுகிறார்கள். 280-இல் சொல்லியிருந்தால் 280-உடன் நின்றிருக்கும். வங்கிக் கடன், கடன் அட்டைப் பாக்கி கழுத்தை நெரித்தால், ஏ.கே.பி.கே. எனப்படும் கடன் ஆலோசனை, நிர்வாக நிறுவனம் இலவசமாகவே தவணையை மாற்றியமைக்க உதவுகிறது. ஆலோங் கடனை அது கையாளாது. அங்கே மிரட்டல் வந்தால் அதற்குத் தனியாகப் போலீஸ் புகார்தான் வழி.

கட்டும் முன் ஒரு நிமிடம்

இன்னும் கட்டவில்லை, ஆனால் மனம் தடுமாறுகிறது என்றால் ஒரு வேலை செய்யுங்கள். அவர்கள் கொடுத்த வங்கிக் கணக்கு எண்ணையும் கைப்பேசி எண்ணையும் காவல்துறையின் semakmule.rmp.gov.my தளத்தில் போட்டுப் பாருங்கள். அந்த எண்மீது ஏற்கெனவே புகார் இருந்தால் காட்டும்.

ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம். புகார் இல்லை என்று வந்தால் அந்தக் கணக்கு நல்லது என்று பொருளல்ல. இன்னும் யாரும் புகார் செய்யவில்லை என்பதுதான் அதன் பொருள். இவர்கள் கணக்கை அடிக்கடி மாற்றுகிறார்கள். ஒருவேளை அந்தக் கணக்கில் முதலில் பணம் போடப்போவது நீங்களாக இருக்கலாம். முதலில் புகார் செய்பவரும் நீங்களாக இருந்தால், அதே எண்ணை அடுத்துத் தேடும் பாலிங்கிலோ லூனாசிலோ இருக்கும் ஒருவருக்கு அந்தத் தளம் எச்சரிக்கை காட்டும்.